34ஆம் ரன் எங்கே போனது? சேவை மூப்புப்படி நடந்த ஒரு பணித் தேர்வு பற்றிய நிகழ்வு ஆய்வு

பின்னணி

இது ரொறன்ரோவைச் சூழ்ந்த நகரங்களில் ஒன்றில், நகரப் பேருந்துகளை ஓட்டும் ஒரு கராஜில் நடந்தது. நான் அங்கே சாரதி. அந்த நேரத்தில் தொழிற்சங்கத்தின் கராஜ் பிரதிநிதிகள் மூவரில் நானும் ஒருவன். சம்பந்தப்பட்டவர்களைப் பெயரால் அல்ல, சேவை மூப்புப் பட்டியலில் அவர்கள் இருந்த இடத்தால் குறிப்பிடுகிறேன். எங்கள் இடத்தில் பேச்சும் அப்படித்தான் நடக்கும். "அவர் எத்தனையாவது?" என்பதுதான் புதிதாகச் சேருபவர் முதலில் கேட்கப் பழகும் கேள்வி.

வட அமெரிக்காவின் பெரும்பாலான நகரப் பேருந்து நிறுவனங்களில் யார் எந்த நேரம் வேலை செய்வது என்பதை மேலாளர் தீர்மானிப்பதில்லை. நேர அட்டவணைப் பிரிவு ஒவ்வொரு வழித்தடத்தின் பயணங்களையும் வெட்டிச் சேர்த்து, ஒருவர் ஒரு நாளில் செய்யக்கூடிய வேலைத் துண்டுகளாக ஆக்கும். அதுதான் 'ரன்'. எங்கள் கராஜில் ஐந்து வேலை நாட்களும் இரண்டு ஓய்வு நாட்களும் சேர்ந்த ஒரு வாரப் பொதியாக அதைத் தருவார்கள். சில ரன்கள் ஒரே நீட்டாக எட்டு மணி நேரம் போகும். சிலது 'ஸ்பிளிட்': காலை நெரிசலில் ஒரு பாதி, நடுவில் நாலைந்து மணி நேர இடைவெளி, மாலை நெரிசலில் மறு பாதி. வேலை எட்டு மணி நேரம்தான் என்றாலும் வீட்டை விட்டு வெளிக்கிட்டுத் திரும்பப் பன்னிரண்டு, பதின்மூன்று மணி நேரம் ஆகிவிடும்.

எங்களிடம் வருடத்துக்கு நாலு தடவை 'சைன் அப்' வரும். எல்லா ரன்களும் தாளில் அச்சாகிச் சாப்பாட்டு அறைச் சுவரில் ஏறும். 186 பேர், மூன்று நாட்கள், ஒரு நாளைக்கு 62 பேர், ஒருவருக்கு ஐந்து நிமிடம். முதலாம் ஆள் காலை 9 மணிக்கு வந்து தனக்குப் பிடித்ததைச் சொல்வார். கிளார்க் சிவப்புப் பேனாவால் அந்த வரியை வெட்டிப் பக்கத்தில் அவருடைய பேட்ஜ் எண்ணை எழுதுவார். அப்புறம் இரண்டாம் ஆள். கடைசி ஆளுக்கு வரும்போது மிஞ்சுவது எதுவோ அதுதான் அவருக்கு.

செப்டெம்பர் சைன் அப்பில்தான் சூடு அதிகம். பாடசாலைகள் திறக்கும்போது காலை, மாலைப் பயணங்கள் கூடும், அதோடு ஸ்பிளிட்களும் கூடும். அதற்குப் பிறகு ஜனவரி வரை மாற்றம் கிடையாது. நாலு மாதத்துக்கு ஒருவரின் ஞாயிற்றுக்கிழமையும் இரவுச் சாப்பாடும் அந்த ஐந்து நிமிடத்தில் முடிவாகிறது.

நடந்தது

ஓகஸ்ட் இரண்டாம் வாரம், தேர்வின் இரண்டாம் நாள், காலை 9.40. பட்டியலில் 71ஆவது ஆள் சுவருக்கு முன்னால் வந்து நின்றார். பதினாலு வருடச் சேவை. கையில் மடித்த துண்டுத் தாள், அதில் ஆறு எண்கள். மேலே இருந்தது 34. காலை 5.12க்குத் தொடங்கி 13.24க்கு முடியும் ஒரே நீட்டு ரன், சனி ஞாயிறு ஓய்வு. கராஜில் அதைவிட நல்ல ரன் நாலைந்துதான் இருக்கும்.

34ஆம் வரியில் சிவப்புக் கோடு இல்லை, பேட்ஜ் எண்ணும் இல்லை. சாம்பல் நிறத்தில் நிழலடித்திருந்தது, அவ்வளவுதான். "இது யாருக்கு?" என்று கேட்டார். "அது இல்லை" என்றார் கிளார்க். "எடுத்தாச்சா?" "இல்லை, ஒதுக்கியிருக்கு." "யார் ஒதுக்கியது?" அதற்குக் கிளார்க்கிடம் பதில் இல்லை. ஐந்து நிமிடம் போய்க்கொண்டிருந்தது. அவருடைய துண்டுத் தாளில் மற்ற ஐந்தும் போய்விட்டிருந்தன. கடைசியில் செவ்வாய் புதன் ஓய்வுள்ள ஒன்றை எடுத்துக் கையெழுத்திட்டார். கையெழுத்துக்குக் கீழே 'ஆட்சேபத்துடன்' என்று எழுதியதை நான் அடுத்த மேசையில் இருந்து பார்த்தேன்.

மூன்றாம் நாள் காலை 10.10க்கு 139ஆம் ஆள் வந்தார். அவரிடம் எதுவும் கேட்காமலே கிளார்க் 34ஆம் வரியில் அவருடைய பேட்ஜ் எண்ணை எழுதினார். அறையில் அப்போது இருபது பேராவது இருந்திருப்பார்கள். மத்தியானத்துக்குள் கதை கராஜ் முழுக்கப் பரவிவிட்டது: நாலு வருடச் சேவை உள்ளவர் 68 பேரைத் தாண்டிப் போய்விட்டார், கிளார்க்கின் சிநேகிதியாம், மேலாளரின் உறவாம். இரண்டுமே பொய். ஆனால் பொய் என்று காட்ட எங்கள் கையில் ஒரு துண்டுத் தாள்கூட இருக்கவில்லை.

71ஆம் ஆள் அன்றே எழுத்தில் முறைப்பாடு கொடுத்தார். சைன் அப் நடைமுறைக்கு வர இன்னும் மூன்று வாரம் இருந்தது.

தாள்களைத் திருப்பிப் பார்த்தபோது

எங்கள் தரப்பில் இருவரும் நிர்வாகத்தில் இருவருமாக உட்கார்ந்து தாள்களைப் பரப்பினோம். சாம்பல் வரிகள் மொத்தம் ஐந்து: 34, 61, 77, 102, 140. சைன் அப் தொடங்குமுன் ஐந்தும் ஒதுக்கப்பட்டிருந்தன. இந்தப் பட்டியல் எந்தச் சுவரிலும் ஒட்டப்படவில்லை. தொழிற்சங்கத்துக்கு ஒரு பிரதி வந்திருந்தது, ஆனால் அதில் எண்கள் மட்டும்தான். நாங்களும் கேள்வி கேட்காமல் கோப்பில் போட்டிருந்தோம். அது எங்கள் தவறு.

ஐந்தில் மூன்று, உடல்நலக் காரணத்துக்காகச் சலுகை பெற்ற சாரதிகளுக்கு. 139ஆம் ஆள் அந்த மூவரில் ஒருவர். நாலாவதான 77, வெள்ளிக்கிழமை சூரியன் மறைந்த பின் வேலை செய்யாத ஒருவருக்கு. ஐந்தாவது 61. அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

சேவை மூப்பு என்பது கூட்டு ஒப்பந்தத்தில் எழுதப்பட்ட உரிமை. அதற்கு மேலே மனித உரிமைச் சட்டம் இருக்கிறது. கனடாவில் இதில் எல்லோரும் முதலில் எடுப்பது 1992இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்த ரெனோ வழக்கு. பிரிட்டிஷ் கொலம்பியாவில் ஒரு பாடசாலைத் துப்புரவுப் பணியாளர் வெள்ளி மாலைப் பணியைத் தன் மத நம்பிக்கை காரணமாகச் செய்ய முடியாதென்றார். ஒப்பந்தத்துக்கு விலக்குக் கொடுத்தால் முறைப்பாடு போடுவோம் என்று தொழிற்சங்கம் தடுத்தது. அவர் வேலையை இழந்தார். ஒப்பந்தம் இப்படிச் சொல்கிறது என்று மட்டும் சொல்லித் தப்ப முடியாது, இடமளிக்கும் கடமை முதலாளிக்கும் உண்டு, தொழிற்சங்கத்துக்கும் உண்டு என்றது நீதிமன்றம். அதே தீர்ப்பில் இன்னொரு பக்கமும் இருக்கிறது, அதை நம்மவர்கள் அதிகம் சொல்வதில்லை. சலுகை கேட்பவர் நியாயமான ஏற்பாட்டை ஏற்க வேண்டும், குறையே இல்லாத ஏற்பாட்டை எதிர்பார்க்க முடியாது.

எனவே ரன்களை ஒதுக்கியதில் பிழை இல்லை. எந்த ரன்னை, எப்படி ஒதுக்கினார்கள் என்பதில்தான் பிழை.

34ஐ ஏன் எடுத்தார்கள்

139ஆம் ஆளின் நோய் என்ன என்று எங்களுக்குத் தெரியாது, தெரிய வேண்டியதும் இல்லை. மருத்துவர் எழுதிய வேலைக் கட்டுப்பாடு இரண்டு வரி: ஸ்பிளிட் கூடாது, பிற்பகல் 3 மணிக்குள் வேலை முடிய வேண்டும். ஓய்வு நாள் எது என்பது பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை.

செப்டெம்பர் தாளில் இந்த இரண்டு வரிக்கும் பொருந்தும் ரன்கள் ஒன்பது இருந்தன. ஐந்தில் சனி ஞாயிறு ஓய்வு, நாலில் வார நடுவில் ஓய்வு. அலுவலகம் அந்த ஒன்பதையும் பார்க்கவில்லை. மேலிருந்து கீழே வந்து, பொருந்திய முதல் வரியில் நிழலடித்துவிட்டது. அது 34. கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. தேடியவர் பொருந்துகிறதா என்று மட்டும் பார்த்தார், அந்த வரிக்குப் பின்னால் எத்தனை பேர் காத்திருக்கிறார்கள் என்று பார்க்கவில்லை.

செய்திருக்க வேண்டியது இதுதான். முதல் கேள்வி: 139ஆம் ஆளின் முறை வரும்போது இந்த ஒன்பதில் ஒன்றாவது மிஞ்சுமா? முந்தைய நாலு சைன் அப் தாள்களை எடுத்துப் பார்த்தோம். 3 மணிக்குள் முடியும் நீட்டு ரன்கள் எல்லாம் 110ஆவது ஆளுக்கு முன்னமே தீர்ந்திருந்தன. ஆக, ஒன்றை ஒதுக்காமல் முடியாது. இரண்டாவது கேள்வி: எதை? அதே பழைய தாள்களில், வார நடுவில் ஓய்வுள்ளவைதான் கடைசியில், 90க்கும் 110க்கும் இடையில் போயிருந்தன. அவற்றில் ஒன்றை ஒதுக்கியிருந்தால் மருத்துவக் கட்டுப்பாடும் நிறைவேறியிருக்கும், நூறாவது இடத்தை ஒட்டிய சிலருக்கு மட்டும் ஒரு படி இறங்கியிருக்கும். 34ஐ ஒதுக்கியதால் அந்த இறக்கம் பட்டியலின் உச்சியிலேயே தொடங்கியது.

77ஆம் ரன்னில் வேறொரு பாடம் கிடைத்தது. அந்தச் சாரதிக்கு வெள்ளி சூரிய மறைவுக்குள் முடியும், சனி ஓய்வுள்ள ரன் வேண்டும். டிசம்பரில் இங்கே மாலை 4.40 அளவில் இருட்டிவிடும், ஜூனில் 9 மணி ஆகும். செப்டெம்பர் தேர்வு ஜனவரி வரை போவதால் டிசம்பர் இருட்டைக் கணக்கெடுத்து ஒதுக்கியது சரி. ஆனால் கோடைக்கால சைன் அப்பிலும் அதே மாதிரி ரன்னையே ஒதுக்கியிருந்தார்கள். கோடையில் அவருக்குப் பொருந்தும் ரன்கள் அவர் முறை வரும்வரை தாராளமாக மிஞ்சியிருந்தன. அந்த ஒதுக்கீடு தேவையே இல்லை. ஒருமுறை கொடுத்ததை மறுமுறை யாரும் திருப்பிக் கேட்பதில்லை.

61ஆம் ரன்

61, காலை 6.05 முதல் 14.20 வரை, சனி ஞாயிறு ஓய்வு. மருத்துவக் கடிதமும் இல்லை, மதக் காரணமும் இல்லை. அந்தப் பேட்ஜ் எண் 94ஆம் ஆளுடையது. அவர் புதிய சாரதிகளுக்கு வண்டியில் பயிற்சி கொடுப்பவர்.

அட்டவணைப் பிரிவின் கணினிக் கோப்பைத் திறந்து பார்த்தோம். ஒவ்வொரு சைன் அப்புக்கும் போன கோப்பைப் பிரதி எடுத்து, நேரங்களை மாற்றி, புதிய கோப்பு செய்வார்களாம். 61க்கு ஒத்த வரியில், ஒதுக்கியதைக் குறிக்கும் ஒரு 'எச்' எழுத்து ஒவ்வொரு கோப்பிலும் கூடவே வந்துகொண்டிருந்தது. அதை யார் முதலில் போட்டது என்று அங்கிருந்த யாருக்கும் தெரியவில்லை. 94ஆம் ஆளைக் கேட்டோம். இரண்டு வருடத்துக்கு முன், ஓய்வு பெற்றுப் போன ஒரு மேற்பார்வையாளர், பயிற்சிக்குப் பகல் ரன் வசதி என்று வாயால் சொன்னாராம். எழுத்தில் எதுவும் இல்லை. கடைசி ஒரு வருடத்தில் அவர் பயிற்சி கொடுத்த நாட்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். அவர் மறைக்கவும் இல்லை, கேட்டவுடன் எல்லாவற்றையும் சொன்னார். "எல்லோருக்கும் தெரியும் என்றுதான் நினைத்தேன்" என்றார்.

71ஆம் ஆள் சந்தேகப்பட்ட வரியில் ஒதுக்கீட்டுக்குக் காரணம் இருந்தது. அவர் கவனிக்காத வரியில் காரணமே இல்லை. இரண்டும் சுவரில் ஒரே சாம்பல் நிறம்.

நான் போட்ட தெரிவு

இதே பரிசோதனையில் என் கையெழுத்தும் அகப்பட்டது. விடுமுறையில் போகிறவர்கள் தாங்கள் விரும்பும் ரன்களை ஒரு சீட்டில் எழுதிக் கொடுத்துவிட்டுப் போகலாம். அவர்கள் முறை வரும்போது தொழிற்சங்கப் பிரதிநிதி அதைப் பார்த்துத் தெரிவு செய்வார். 118ஆவது ஆள் தங்கச்சியின் கலியாணத்துக்கு யாழ்ப்பாணம் போயிருந்தார். அவர் சீட்டில் மூன்றே எண்கள். இரண்டாம் நாள் பிற்பகல் 1.35க்கு அவர் முறை வந்தபோது மூன்றும் போய்விட்டன. தொலைபேசி எடுக்கலாமா என்று யோசித்தேன், அங்கே இரவு 11 மணி தாண்டியிருக்கும். ஐந்து நிமிடம்தான் இருந்தது. ஸ்பிளிட் யாருக்குத்தான் பிடிக்கும் என்று நினைத்து, 16.40க்குத் தொடங்கி நள்ளிரவு தாண்டி முடியும் ஒரு நீட்டு ரன்னை எடுத்துக் கையெழுத்திட்டேன்.

திரும்பி வந்தவர் நேரே என்னிடம் வந்தார். "அண்ணை, ஸ்பிளிட் எண்டாலும் பரவாயில்லை, இரவு மட்டும் வேண்டாம் எண்டு உங்களிட்டச் சொன்னனானே. மனுசி இரவு வேலை, பிள்ளையை யார் பார்க்கிறது?" சொல்லியிருப்பார். ஏதோ ஒரு நாள் தேநீர் குடிக்கும்போது சொன்னதாக லேசாக ஞாபகம் வந்தது. சீட்டில் அது எழுதப்படவில்லை, சீட்டில் அதை எழுத இடமும் இல்லை. என்ன எண்ணத்தில் அந்த ரன்னை எடுத்தேன் என்பதற்கு என் பக்கத்திலும் ஒரு குறிப்பு இல்லை. ஒரு கிளார்க்கின் பேனாவைச் சந்தேகப்பட்டவர்கள் என் பேனாவையும் சந்தேகப்பட்டிருந்தால் நான் எதைக் காட்டியிருப்பேன்?

முடிவுகளும் அவற்றின் காரணமும்

மேசையில் மூன்று வழிகள் இருந்தன.

முதலாவது, சைன் அப் முழுவதையும் ரத்துச் செய்து மறுபடி நடத்துவது. இதைத்தான் பலர் கேட்டார்கள். மூன்று நாள் வேலை, அதற்கு முன் அறிவித்தல் காலம் வேண்டும், செப்டெம்பர் தொடக்கத்துக்குள் முடியாது. ஏற்கனவே தெரிவு செய்த ரன்னை நம்பிக் குழந்தைப் பராமரிப்புக்குப் பணம் கட்டியவர்களும் இருந்தார்கள். கைவிட்டோம்.

இரண்டாவது, 34ஐ 71ஆம் ஆளுக்குக் கொடுப்பது. அவருடைய முறைப்பாடு அதைத்தான் கேட்டது. பார்க்க நேரான நீதி போலத் தெரியும், உண்மையில் அப்படி இல்லை. 34 திறந்திருந்தால் அவருக்கு முன் நின்ற 70 பேரில் ஒருவர் எடுத்திருக்க மாட்டாரா? வாயால் சொல்லித் தெரிவு செய்யும் முறையில் இதைக் கண்டுபிடிக்க வழியே இல்லை. ஒவ்வொருவரும் என்ன எடுத்தார் என்பது மட்டுமே பதிவாகிறது, எது இருந்திருந்தால் எடுத்திருப்பார் என்பது பதிவாவதில்லை. முன்னால் இருந்த சிலரைக் கேட்டுப் பார்த்தேன். நாலு பேர் "நான் எடுத்திருப்பேன்" என்றார்கள். முடிந்த பிறகு யார்தான் அப்படிச் சொல்ல மாட்டார்? நட்டம் நடந்தது நிச்சயம், யாருக்கு நடந்தது என்பது நிச்சயம் இல்லை.

மூன்றாவது வழியை எடுத்தோம். 34ஐ அப்படியே விட்டோம். 139ஆம் ஆள் எந்தத் தவறும் செய்யவில்லை, நடுவில் அவரை மாற்றினால் கராஜ் முழுவதும் அவரையே பார்க்கும். வேறு பொருந்தும் ரன்கள் எல்லாம் ஏற்கனவே மற்றவர்கள் கையில் இருந்தன. 61ஐ மட்டும் திறந்தோம்.

ஒரு ரன்னைத் திறப்பது எப்படி என்பதை இங்கே விரிவாகச் சொல்ல வேண்டும், பலரும் இடறும் இடம் இது. 61ஐ முதலாம் ஆளிலிருந்து வரிசையாகக் கேட்டுக்கொண்டு வந்தோம். 23ஆம் ஆள் "எடுக்கிறேன்" என்றார். அவர் விட்ட ரன்னை மறுபடி முதலாம் ஆளிடம் கேட்க வேண்டுமா? வேண்டாம். முதல் 22 பேரும் தங்கள் முறையில் அந்த ரன்னைச் சுவரில் பார்த்துவிட்டுத்தான் வேறொன்றை எடுத்தார்கள். எனவே 24இலிருந்து கேட்டோம். 40ஆம் ஆள் எடுத்தார். அவருடையதை 58, அவருடையதை 71, அதாவது முறைப்பாடு கொடுத்தவரே. அவருடைய செவ்வாய் புதன் ரன்னை 88ஆம் ஆள் எடுத்தார். 88 விட்டது 94ஆம் ஆளிடம் வந்தது, அவர்தான் 61ஐ இழந்தவர்.

இங்கே ஒரு நுணுக்கம். 94ஆம் ஆளுக்கு அந்த மிச்சத்தை எடுத்தே ஆக வேண்டும் என்று சொல்ல முடியாது. ஒதுக்கிய ரன்களைத் தவிர, அவருக்குப் பின்னால் உள்ள 92 பேர் வைத்திருக்கும் எதுவும் அவருடைய முறையில் திறந்திருந்ததுதான், அதில் ஒன்றைக் கேட்கும் உரிமை அவருக்கு உண்டு. கேட்டிருந்தால் சங்கிலி இன்னும் கீழே இறங்கியிருக்கும். அவர் வந்ததையே வாங்கிக்கொண்டார். ஆறு பேர் இடம் மாறினார்கள், ஒன்றரை நாள் பிடித்தது. ஒவ்வொரு "வேண்டாம்" பதிலையும் நேரத்தோடும் கையெழுத்தோடும் எழுதி வைத்தோம்.

71ஆம் ஆளுக்கு ஞாயிறு திங்கள் ஓய்வு கிடைத்தது. 34 கிடைக்கவில்லை. ஒதுக்கீட்டை முன்கூட்டியே காட்டாதது தவறு என்று நிர்வாகம் எழுதிக் கொடுத்த கடிதத்தோடு முறைப்பாடு முடிந்தது. அவர் திருப்தியாகப் போகவில்லை.

118ஆம் ஆளுக்கு நாங்கள் செய்ய முடிந்தது குறைவு. இரவு ரன்னை ஸ்பிளிட்டோடு மாற்றிக்கொள்ளத் தயாராக இருந்த ஒருவரைத் தேடிப் பிடித்தேன். இருவர் சம்மதத்தோடு மாற்றிக்கொள்ள ஒப்பந்தம் இடம் தருகிறது. ஆள் கிடைத்தது அதிர்ஷ்டம்.

ஜனவரித் தேர்வு

ஜனவரிக்கு முன் சில விஷயங்களை எழுத்தில் ஒப்புக்கொண்டோம். ஒதுக்கப்படும் ரன் எண்கள் தேர்வுக்கு ஏழு நாள் முன்னால் சுவரில் ஏறும். ஆள் பெயரோ காரணமோ இருக்காது, எத்தனை ரன், எந்த எண், பார்த்து ஒப்பமிட்ட இரு தரப்புக் கையெழுத்து, இவ்வளவுதான். ஒவ்வொரு சைன் அப்புக்கும் பட்டியல் வெறும் தாளில் இருந்து தொடங்கும், பழைய கோப்பின் 'எச்' வரக்கூடாது. ஒதுக்குமுன் இரண்டு கேள்விகளுக்கும் பதில் எழுத வேண்டும்: அவர் முறையில் பொருந்தும் ரன் மிஞ்சுமா, மிஞ்சாவிட்டால் பொருந்துகிறவற்றில் வழக்கமாகக் கடைசியில் போவது எது.

விடுமுறைச் சீட்டும் மாறியது. இப்போது அதில் பத்து ரன் எண்களுக்கு இடம் இருக்கிறது. அதற்குக் கீழே, எண்கள் எல்லாம் போய்விட்டால் எதை முதலில் விட்டுக்கொடுப்பார் என்ற வரிசை: ஓய்வு நாளா, நீட்டு ரன்னா, முடியும் நேரமா. இரவானாலும் தொலைபேசி எடுக்கலாமா என்று ஒரு கட்டமும் உண்டு.

கிளார்க்கின் மேசையில் ஒரு பதிவேடு வைத்தோம்: நேரம், பேட்ஜ், ரன் எண், கையெழுத்து. பத்துப் பேருக்கு ஒருமுறை சுவரைப் படம் பிடித்துச் சாரதிகளின் வாட்ஸ்அப் குழுவில் போட்டோம். வேலையில் இருந்தவர்கள் இடைவேளையில் அதைப் பார்த்துத் தங்கள் துண்டுத் தாளைத் திருத்திக்கொண்டார்கள். இவ்வளவு சின்னக் காரியம் இத்தனை வருடம் ஏன் யாருக்கும் தோன்றவில்லை என்று எனக்கு விளங்கவில்லை.

இந்த முறை ஒதுக்கீடு மூன்று. 139ஆம் ஆளுக்கு ஒதுக்கியது 13.50க்கு முடியும், புதன் வியாழன் ஓய்வுள்ள ஒன்று. பழைய 34க்கு ஒத்த ரன் திறந்திருந்தது. முதல் நாள் 9.50க்கு, 11ஆவது ஆள் அதை எடுத்தார்.

அதை 71ஆம் ஆளிடம் சொன்னேன். "அது எனக்கு வராது என்று எனக்கும் தெரியும்" என்றார். "யாருடைய எண் எழுதியிருக்கிறது என்று பார்க்க வேண்டும், அதுதான்."

ஜனவரியில் எழுத்தில் ஒரு முறைப்பாடும் வரவில்லை. ஒரே நாளில் சேர்ந்த இருவரில் யார் மூத்தவர் என்று ஒரு வாய்ச் சண்டை வந்தது. பயிற்சி வகுப்பு முடிவில் சீட்டுக் குலுக்கிய தாள் கோப்பில் இருந்ததால் பத்து நிமிடத்தில் தீர்ந்தது.

இன்னும் சரியாகாதது

ஒதுக்கிய எண்ணை முன்னால் ஒட்டினால் ஒரு கெடுதியும் வருகிறது. பெயர் இல்லாவிட்டாலும் வேலை தொடங்கிய முதல் நாளே யார் அந்த ரன்னை ஓட்டுகிறார் என்று தெரிந்துவிடும். ஏழு நாள் முன்னால் ஒட்டியதால் ஊகிக்க ஏழு நாள் கூடக் கிடைத்தது. 139ஆம் ஆளுக்குப் பின்னால் "பரிசு ரன்" என்று யாரோ சொன்னதை நானே கேட்டேன். முறைப்பாடு கொடுத்தவரையும் அவரையும் ஒரே தொழிற்சங்கம்தான் காக்க வேண்டும், அதை நாங்கள் பாதிதான் செய்திருந்தோம்.

ஜனவரிக்குப் பிறகு அவரையே கேட்டோம், என்ன மாற்ற வேண்டும் என்று. ஒதுக்கீடு வேண்டாம் என்று அவர் சொல்லவில்லை. நிழலடித்த வரியும், தன்னை எதுவும் கேட்காமலே எண் எழுதியதும்தான் அவரை நோகடித்திருந்தன. எனவே வசந்தகாலத் தேர்வில் அவருக்குப் பொருந்தும் ரன்களில் வழக்கமாகக் கடைசியில் போகும் இரண்டைப் பிடித்து வைத்தோம். சுவரில் நிழல் இல்லை, வரிக்கு முன்னால் ஒரு சின்ன நட்சத்திரம் மட்டும். அவர் தன் முறையில், 139ஆவது ஆளாக, மற்றவர்களைப் போலவே வந்து நின்று இரண்டில் ஒன்றைச் சொன்னார். கிளார்க் சிவப்புப் பேனாவால் வெட்டினார். மற்றதை 140ஆம் ஆளிலிருந்து அல்ல, அது தங்கள் முறையில் கிடைக்காமல் போனவர்களிடமிருந்து கேட்டுக்கொண்டு வர வேண்டியிருந்தது. இன்னொரு சங்கிலி, இன்னும் அரை நாள். அடுத்த தேர்வில் ஒன்றையே வைப்பதா இரண்டா என்று இப்போதும் இரு தரப்பும் பேசிக்கொண்டிருக்கிறோம்.